திரை அணைந்ததும் போய்விடுகிற வைஃபை

விருத்தாசலம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் பதினான்கு வருடமாக செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் போனில் இல்லாத கோளாறைச் சொல்வார்கள். மீதிப் பேர் போன் கீழே விழவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். கேட்டுக் கேட்டு, ஆள் சொல்வதைக் காதில் வாங்காமல் போனை மட்டும் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதைத் தொழில் சாமர்த்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாமர்த்தியத்தால் ஒரு மனிதரைக் கிட்டத்தட்ட ஒரு வாரம் அலையவிட்டேன்.

அவர் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைப் பிரிவில் வேலை செய்கிறார். பிளாஸ்டர் அச்சுகளில் களிமண் குழம்பை ஊற்றி, ஓரத்தில் மண் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து எடுக்கிற வேலை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். அவர் வைத்திருந்த போனை ஒரு வருடத்துக்கு முன் நான்தான் அவருக்கு விற்றேன். யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய போன். ஆண்ட்ராய்டும் பழையது.

மாதாந்திர மின்தடை என்று கம்பெனிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தார். போனைக் கவுண்டர் மேல் வைத்தார்.

"தம்பி, ஸ்கிரீன் அணைஞ்சா வைஃபை போயிடுது. கால் வந்தா அடிக்கவே மாட்டேங்குது."

"டேட்டா போட்டிருக்கீங்களா?"

"இல்ல. பேசுறதுக்கு மட்டுந்தான் ரீசார்ஜ் பண்ணுறேன். வாட்ஸாப்புக்கெல்லாம் கம்பெனி வைஃபைதான். நான் எடுத்து ஸ்கிரீன தட்டுனா அப்பதான் அந்த வைஃபை குறி வருது. வந்ததும் மிஸ்டு கால் வந்ததா காட்டுது."

கோளாறை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் நான்தான் ஆள் சொல்வதைக் கேட்காதவன் ஆயிற்றே. போனை வாங்கினேன். வாங்கியதும் எல்லா போனுக்கும் செய்கிற முதல் வேலையைச் செய்தேன். கவுண்டரின் கீழே தொங்குகிற சார்ஜரில் செருகினேன். இது என் கடை வழக்கம். வேலை பார்க்கும்போது போன் அணைந்து போகாது, திரும்பக் கொடுக்கும்போது சார்ஜ் ஏறியிருந்தால் வாடிக்கையாளர் முகமும் மலரும். கடையில் கரண்ட் இல்லாத நாளில்கூட யுபிஎஸ் போட்டு இதைத் தவறாமல் செய்வேன்.

பேட்டரி சேவர் எப்போதும் போட்டபடி இருந்தது. அணைத்தேன். வாட்ஸாப்புக்குப் பின்னணியில் ஓடக் கட்டுப்பாடு இருந்தது. எடுத்துவிட்டேன். கடை வைஃபையில் சேர்த்து, திரையை அணைத்து, என் போனிலிருந்து வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். அடித்தது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அடித்தது.

"போனுல ஒண்ணுமில்லண்ணே. பேட்டரி சேவர்தான் பண்ணியிருக்குது. எடுத்துட்டேன்" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான்கு நாளில் திரும்பி வந்தார். அதே பேச்சு. நானும் சார்ஜரில் செருகினேன், கூப்பிட்டேன், அடித்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அண்ணே, என்கிட்ட அடிக்குது. உங்ககிட்ட மட்டும் எப்படி அடிக்காமப் போவுது? அந்தக் கம்பெனி சத்தத்துல உங்களுக்குக் கேக்கலையோ என்னவோ" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு, கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"எம் பொண்ணு கூப்பிடுது தம்பி. குவைத்துல நர்ஸா இருக்குது."

மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பெண் சேத்தியாத்தோப்புக்காரப் பையன் ஒருவனை, வேறு மதத்துப் பையனை, வீட்டை மீறிக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசவில்லை. அம்மா இல்லை, முன்பே இறந்துவிட்டார். இப்போது முதல் முறையாக அந்தப் பெண்ணுக்கு நீண்ட விடுப்பு கிடைத்திருக்கிறது. இவருடைய கம்பெனி ஆபீஸுக்கு போன் செய்து, அங்கே ஆபீஸ் வேலை பார்க்கிற ஒரு பெண்மணியிடம் அப்பாவின் வாட்ஸாப் எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறது. வாங்கி ஒரே ஒரு செய்தி அனுப்பியது: "லீவுல வரேன். நம்ம வூட்டுக்கு வரலாமா வேணாமான்னு நீங்க உங்க வாயால சொல்லணும். கூப்பிடுறேன், எடுங்க."

அது கூப்பிடுவது அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளையில், காசு ஆகாத வாட்ஸாப்பில். நமக்கு மூன்றரை மணி. அந்த நேரத்தில் இவர் அச்சுகளுக்கு நடுவில் நிற்பார், இரண்டு கையும் மணிக்கட்டுவரை களிமண். போன் சட்டைப் பையில் இருக்கும். அது அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துவிடலாம். அடிக்காத போனை என்ன செய்வது? நாலரை மணிக்குக் கை கழுவிவிட்டுத் திரையைத் தட்டினால், இரண்டு நொடி கழித்து வைஃபை குறி வந்து, மகள் கூப்பிட்ட விவரம் வந்து விழும். இப்படியே ஐந்து முறை.

"நீங்க திருப்பிக் கூப்பிட வேண்டியதுதானண்ணே?"

"நான் எதுக்குக் கூப்பிடணும்? போனது அது. கேக்கட்டும். கேட்டா வான்னு சொல்லப்போறேன். கேக்காம நானா போயி சொல்லணுமா?"

"ஆபீஸ் போனுக்குக் கூப்பிடச் சொல்லலாமே."

"ஆபீஸுல நாலு பேரு பாக்க நின்னுக்கிட்டு இதப் பேசுறதா?"

மனதுக்குள் சிரித்தேன். வா என்று சொல்ல மனிதர் தவியாய்த் தவிக்கிறார், ஆனால் ஒரு படி இறங்கமாட்டேன் என்கிறார். இந்தப் பிடிவாதம் எனக்குப் புதிதல்ல. என் அப்பாவும் இதே ரகம்தான். இந்த மனிதர் மேல் இரக்கமாகவும் இருந்தது. அவர் மகளுக்கு அனுப்பியிருந்த ஒரே பதில் ஒரு குரல் செய்தி: போன் கெட்டுக் கிடக்குது, திரும்பக் கூப்பிடு. அதற்கு மகளிடமிருந்து வந்த பதிலையும் காட்டினார்: "தினமும் அதே நேரத்துக்கு மட்டும் கெட்டுப்போற போனா அப்பா?"

ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். திரை அணைந்தால்தானே தகராறு, அணையவே வேண்டாம் என்று, திரை அணைகிற நேரத்தை அரை மணியாகக் கூட்டி வைத்தேன். "அப்பப்ப ஒரு தட்டு தட்டிக்கிட்டே இருங்க, அணையாது" என்று சொல்லி அனுப்பினேன். பெரிய வைத்தியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

பழைய பேட்டரி எவ்வளவு தாங்கும்? மறுநாள் மதியம் இரண்டு மணிக்கே போன் செத்துப்போனது. மூன்றரை மணிக்கு மகள் கூப்பிட்டபோது போனே அணைந்திருந்தது. அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதை எனக்குப் படித்துச் சொன்னது அந்தக் கம்பெனி ஆபீஸ் அம்மா. மறுநாள் காலையில் என் கடைக்கு போன் செய்து, யார் என்றுகூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"நீங்கதான அந்த போனப் பாத்தவரு? கேளுங்க. 'இன்னிக்கு ஆஃப் பண்ணியே வச்சிட்டீங்க. புரிஞ்சிடுச்சி. இனிமே கூப்பிட மாட்டேன். லீவுக்கு நேரா சேத்தியாத்தோப்புக்குப் போறோம்.' இதத்தான் அந்தப் பொண்ணு அனுப்பியிருக்குது. மனுஷன் காலையிலேருந்து வாயத் தொறக்கல. ரெண்டு அச்ச ஒடச்சிட்டாரு. இங்க வந்து என்னான்னு பாருங்க. கடையில ஒக்காந்து பாத்தது போதும்."

மதியம் ஒன்றரைக்குக் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் தொழிற்பேட்டைக்குப் போனேன்.

அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஆபீஸில் கடிதம், ஆர்டர், கம்ப்யூட்டர், ரூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. தப்பு ரூட்டரில் இருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கும் இருந்திருக்கிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டினார். குறிப்பிட்ட நேரத்தில் வைஃபையை நிறுத்துகிற அட்டவணை எதுவும் போட்டிருக்கவில்லை. மின்சாரம் மிச்சப்படுத்துகிற தேர்வு ஒன்று இருந்தது. அதுவும் அணைந்தே இருந்தது. ரூட்டரின் மென்பொருளைப் போன வாரம்தான் புதுப்பித்ததாகச் சொன்னார்.

"என் போனும் இதே வைஃபைதான். மணிக்கணக்கா ஸ்கிரீன் அணைஞ்சே கெடக்குது. மெசேஜு வராம இருந்ததே இல்ல" என்றார்.

"அப்ப ரூட்டரு இல்ல. அந்த போன்தான். ஆனா என் கடையில ஒழுங்கா அடிக்குதே மேடம்."

அந்த மனிதரை அச்சுக் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், போனைக் கொடுத்துவிட்டு ஒரு ஓரமாக நின்றார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ரூட்டர் பக்கத்தில் அந்த நிமிடம் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். அவருடைய போன் அதில் இருந்தது. திரை அணைந்த பிறகு போன் பட்டியலிலிருந்து எப்போது காணாமல் போகிறது என்று பார்த்தால் போதும், சந்தேகமே இருக்காது. திரை அணைகிற நேரத்தை முன்போல ஒரு நிமிடத்துக்குக் குறைத்தேன். போனை மேசை மேல் வைத்தேன். மூன்று பேரும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று. போன் பட்டியலில் இருந்தபடியே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். மணி போல அடித்தது.

"பாத்தீங்களா? அடிக்குது" என்றேன். என் குரலில் ஒரு வெற்றி இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வந்ததும் வராததுமா எதுக்கு அத சார்ஜுல சொருவுனீங்க?"

குனிந்து பார்த்தேன். என் பையிலிருந்த சார்ஜரை எடுத்து, அவர் மேசையின் பிளக்கில் மாட்டி, போனைச் செருகியிருந்தேன். எப்போது செய்தேன் என்றே எனக்கு நினைவில்லை.

"அது பழக்கம் மேடம்."

"அவரு ஒயரோடயா அங்க வேல செய்யிறாரு? பையில வச்சிருக்கிற போன, பையில வச்சிருக்கிற மாதிரிதான பாக்கணும்?"

எனக்கு விடை அப்போதே தெரிந்துவிட்டது. போனின் அமைப்புகளைக் கை திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த அம்மா விடவில்லை. சார்ஜரைப் பிடுங்கி, திரையை அணைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம். பட்டியலைப் புதுப்பித்தார். அந்தப் பழைய போன் அதில் இல்லை. தன் போனிலிருந்து வாட்ஸாப்பில் கூப்பிட்டார். மேசை மேல் கிடந்த போன் சத்தம் காட்டவில்லை.

வைஃபை அமைப்பில் மேம்பட்டவை என்று ஒரு பகுதி உண்டு. அந்தப் பழைய ஆண்ட்ராய்டில் அதற்குள் ஒரு வரி இருக்கும்: உறக்கத்தின்போது வைஃபையை இயக்கத்தில் வைத்திரு. கீழே மூன்று தேர்வுகள். எப்போதும். சார்ஜ் ஆகும்போது மட்டும். வேண்டாம். இப்போது வருகிற புது போன்களில் இந்த வரியே கிடையாது, அதனால் அதைத் தேடுகிற பழக்கமும் எனக்கு விட்டுப்போயிருந்தது. திறந்தேன். நடுவில் இருந்த தேர்வில் புள்ளி இருந்தது: சார்ஜ் ஆகும்போது மட்டும். செருகியிருந்தால் வைஃபை நிற்கும். உருவிவிட்டால், திரை அணைந்து கால் மணியில் போய்விடும். என் கடையில் அந்த போன் ஒரு நிமிடம்கூடச் செருகாமல் இருந்ததில்லை.

அந்தப் புள்ளியை வைத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். பழைய போன் வாங்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, சார்ஜ் நிற்குமா என்பதுதான். அதனால் விற்பதற்கு முன் ஒவ்வொரு பழைய போனிலும் பேட்டரி சேவரைப் போட்டு, பின்னணி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி, இந்த வரியையும் மாற்றி வைத்துவிடுவேன். சார்ஜ் நன்றாக நிற்கிறது என்று வாடிக்கையாளர் பாராட்டும்போது சிரித்துக்கொள்வேன். முதல் இரண்டையும் கடையில் திருத்தியவன், மூன்றாவதை அடியோடு மறந்திருக்கிறேன்.

அவர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, தப்பு போனோடது இல்ல. எம் மேலதான். விக்கிறப்ப நாந்தான் இப்படி வச்சேன். கண்டுபிடிக்க விடாமப் பண்ணதும் நாந்தான்."

அவர் கோபப்படவில்லை. "சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

'எப்போதும்' என்பதில் புள்ளியை மாற்றினேன். சார்ஜர் இல்லாமல் திரையை அணைத்து வைத்தேன். இன்னொரு கால் மணி நேரம் காத்திருந்தோம். போன் பட்டியலில் இருந்தது. அந்த அம்மா கூப்பிட்டார். இருண்டு கிடந்த திரை வெளிச்சமாகி, அடித்தது. ஓரமாக நின்றவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டார், பிறகு லேசாகச் சிரித்தார். போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போது மணி மூன்று பத்து.

அவர் அச்சுக் கூடத்துக்குத் திரும்பிப் போனார். நானும் போனேன். கடைக்குப் போகவேண்டியவன் ஏன் போனேன் என்றால், மூன்றரை மணிக்கு அது அடிப்பதை என் காதால் கேட்க வேண்டும் என்றிருந்தது. இனிமேல் கூப்பிடமாட்டேன் என்று அந்தப் பெண் எழுதியிருந்தது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனாலும் கோபத்தில் எழுதியதுதானே, கூப்பிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர் வரிசையாக அச்சுகளில் குழம்பை ஊற்றிக்கொண்டே போனார். நான் ஒரு கவிழ்த்த தொட்டி மேல் உட்கார்ந்து அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரை ஆயிற்று. மூன்றே முக்கால் ஆயிற்று. போன் அடிக்கவில்லை.

"ஒரு தடவ எடுத்துப் பாருங்கண்ணே, வைஃபை இருக்குதான்னு" என்றேன்.

அவர் முழங்கையால் பையைத் தள்ளி, விரல் நுனியால் போனை எடுத்துத் திரையைத் தட்டினார். வைஃபை குறி இருந்தது. புதிதாக வந்தது என்று எதுவும் இல்லை. அதை எனக்கும் காட்டினார்.

"இருக்குது தம்பி. நீ செஞ்சது சரிதான். முன்னல்லாம் அடிக்கலன்னா போனு கெட்டுக் கெடக்குதுன்னு நெனச்சிக்கலாம். இப்ப அடிக்கலன்னா, அது கூப்பிடலன்னுதான அர்த்தம்."

"உங்க போன்லேருந்தே நான் பேசுறேண்ணே. எல்லாத்தையும் அதுகிட்ட சொல்லிடுறேன். கடக்காரன் பண்ண தப்புன்னு நானே சொன்னா நம்பும். ஆபீஸ் மேடமும் சொல்லுவாங்க" என்றேன். மன்றாடினேன் என்றே சொல்லலாம்.

அவர் ஊற்றிக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் போய் இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், நகக்கண்ணில் இருந்த மண்ணைக்கூட விடவில்லை. துண்டில் துடைத்துக்கொண்டார். என்னிடம் போனை நீட்டுவார் என்று கையை நீட்டினேன். நீட்டவில்லை. மகள் அனுப்பிய செய்தியைத் திறந்து, அதன் மேலே இருந்த போன் படத்தை அவரே தொட்டார். ஒலிபெருக்கியில் போடத் தெரியாது. காதில் வைத்துக்கொண்டார்.

எதிர்முனையில் மணி போவது எனக்கும் மெலிதாகக் கேட்டது. அங்கே இடைவேளை முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும். நின்றது. எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"நாந்தாம்மா, அப்பா."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. போனைப் பற்றித்தான் கேட்டிருக்கும். நான் எழுந்து நின்றேன், இப்போது என்னைக் கூப்பிடுவார், நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"போனு மேல தப்பு இல்லம்மா. மூணு வருஷமா நாந்தான் கூப்பிடல" என்றார். "வூட்டுக்கு வா. அந்தத் தம்பியையும் கூட்டிக்கிட்டு வா."